கெடு தாண்டினால் சிவப்பு: வண்ண விதிக்கு மூன்று வழிகள்

ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சி என்றால், டிசம்பர் முழுக்க எங்கள் சிறு பதிப்பகத்தில் எல்லாருடைய கண்ணும் ஒரே ஒரு கூகுள் ஷீட்ஸ் தாளின் மேல்தான் இருக்கும். பன்னிரண்டு புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு வேலைகள். மெய்ப்புப் பார்ப்பவர், அட்டை வரைபவர், அச்சகத்தோடு பேசுபவர், நியூஜெர்சியில் இருந்தபடி பக்கங்களை அமைத்துத் தரும் நண்பர் என ஆறு பேர் அந்தத் தாளில் எழுதுகிறோம். கெடு தாண்டிய வேலை சிவப்பாக வேண்டும், கெடு நெருங்கும் வேலை மஞ்சளாக வேண்டும். நாங்கள் கேட்டது அவ்வளவுதான். அதை மூன்று விதமாகச் செய்து பார்த்துவிட்டு மூன்றாவதில் நின்றிருக்கிறோம். எல்லாருக்கும் மூன்றாவதுதான் சரி என்று சொல்லமாட்டேன். ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தாளின் அமைப்பு இது. A-யில் புத்தகம், B-யில் வேலை, C-யில் பொறுப்பாளர், D-யில் கெடு, E-யில் நிலை. நிலை என்பது கீழிறங்கு பட்டியல்: தொடங்கவில்லை, நடக்கிறது, முடிந்தது. F, G இரண்டும் பிறகு வந்து சேர்ந்தவை.

முதல் வழி, கருவியிலேயே இருக்கும் தேதி விதி. D2:D200 பகுதியைத் தேர்ந்தெடுத்து, `Format > Conditional formatting` திறந்து, `Date is before` என்பதில் `today` என்று வைத்துச் சிவப்பைக் கொடுத்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. ஃபார்முலா எதுவும் எழுத வேண்டாம். வெற்றுக் கட்டங்களையும் அது தொடாது. சிக்கல் மஞ்சளில் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் கடந்த வாரம், கடந்த மாதம், கடந்த ஆண்டு எல்லாம் உண்டு. எதிர்காலத்துக்கு `tomorrow` ஒன்றுதான். "இன்னும் மூன்று நாளில்" என்று கேட்க, `exact date` பெட்டியில் `=TODAY()+4` என்று எழுதி ஏமாற்ற வேண்டியிருக்கிறது. எக்செலில் `Next Week` என்ற தேர்வு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது இன்றிலிருந்து ஏழு நாள் அல்ல. ஞாயிறு தொடங்கிச் சனி வரை உள்ள அடுத்த காலண்டர் வாரம். சனிக்கிழமை மாலை திறந்து பார்ப்பவருக்கு நாளையே அடுத்த வாரம். திங்கட்கிழமை பார்ப்பவருக்கு வெள்ளிக்கிழமைக் கெடு அதில் வரவே வராது.

இந்த வழியின் உண்மையான குறை வேறு. அது தேதியை மட்டும் பார்க்கிறது. வேலை முடிந்ததா என்று பார்ப்பதில்லை. நவம்பரில் முடித்த வேலைகள் எல்லாம் டிசம்பரில் சிவந்து நிற்கும். முதல் வாரத்திலேயே எங்கள் தாளின் மேல் பாதி முழுக்கச் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் யாருக்கும் பதற்றம் வராத நிலை இரண்டே நாளில் வந்துவிட்டது. முடிந்த வரிசைகளை வேறு தாளுக்கு உடனுக்குடன் நகர்த்திவிடும் ஒருவர், தனக்காக மட்டும் வைத்திருக்கும் பட்டியலுக்கு இது போதும். கூட்டு வேலைக்குப் போதாது.

இரண்டாவது வழி, `Custom formula is` என்ற தேர்வில் நாமே நிபந்தனையை எழுதுவது. `Apply to range` பெட்டியில் A2:G200 என்று கொடுத்துவிட்டு, சிவப்புக்கு ஒன்றும் மஞ்சளுக்கு ஒன்றும்:

```
=AND(ISNUMBER($D2), $D2<TODAY(), $E2<>"முடிந்தது")
=AND(ISNUMBER($D2), $D2<=TODAY()+3, $E2<>"முடிந்தது")
```

இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு பிழைக்குப் பதிலாக வந்தது. `ISNUMBER` இல்லாவிட்டால் கெடு எழுதாத வரிசைகள் எல்லாம் சிவக்கும். தேதி என்பது ஷீட்ஸுக்கு உள்ளுக்குள் வெறும் எண். 2025 ஜனவரி 1 என்பது 45658. வெற்றுக் கட்டம் பூஜ்யமாகக் கணக்காகிறது, பூஜ்யம் எந்த நாளுக்கும் முந்தியது, அதனால் சிவப்பு. D-க்கு முன்னால் உள்ள டாலர் குறி, வரிசையின் எந்தக் கட்டத்துக்கு நிறம் தீர்மானிக்கும்போதும் D-யையே பார்க்கச் சொல்கிறது. அதை விட்டுவிட்டால் A கட்டம் D-யைப் பார்க்கும், B கட்டம் E-யைப் பார்க்கும், இப்படியே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நழுவிக்கொண்டே போகும். ஃபார்முலாவில் உள்ள 2, பகுதியின் முதல் வரிசை எண்ணோடு பொருந்த வேண்டும். பகுதி A2-இல் தொடங்க, ஃபார்முலாவில் `$D1` என்று இருந்தால், தாமதமான வேலைக்குக் கீழே இருக்கும் அப்பாவி வரிசை சிவக்கும். நிறம் ஒரு வரிசை தள்ளி விழுகிறது என்று தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், அந்த எண்ணைப் பாருங்கள்.

விதிகளின் வரிசையும் முக்கியம். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்தும் விதியின் நிறத்தையே ஷீட்ஸ் எடுத்துக்கொள்ளும். கெடு தாண்டிய வேலைக்கு மஞ்சள் நிபந்தனையும் பொருந்தும் என்பதால் மஞ்சள் விதி மேலே இருந்தால் தாளில் சிவப்பே தோன்றாது. பலகத்தில் சிவப்பு விதியை இழுத்து மேலே வைத்தால் சரியாகிவிடும்.

இந்த வழியில் எங்களை உறுத்தியது அந்த 3. ஏன் மூன்று நாள்? அட்டைப்படத்தில் ஓர் எழுத்தைத் திருத்த மூன்று நாள் முன்பு எச்சரிக்கை வந்தால் தாராளம். 320 பக்கப் புத்தகத்தின் இரண்டாம் மெய்ப்புக்கு மூன்று நாள் முன்பு மஞ்சள் வந்தால், வருந்துவதைத் தவிர யாராலும் எதுவும் செய்ய முடியாது. அச்சுக்குக் கோப்பு அனுப்பும் வேலைக்கோ தாள் வாங்குவது, இயந்திரத்தில் இடம் கேட்பது என்று பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே பேச வேண்டும். அதனால் F நெடுவரிசையை "முன்னறிவிப்பு நாள்" என்று ஆக்கி, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் எழுதினோம். ஃபார்முலாவில் `TODAY()+3` என்பது `TODAY()+$F2` ஆனது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். மற்ற மாற்றங்கள் நிறத்தைச் சரியாக விழ வைத்தன. இது ஒன்றுதான் மஞ்சளைப் பார்த்ததும் ஒருவர் தொலைபேசியை எடுக்கும்படி செய்தது.

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்க வேண்டாமா என்று அச்சக வேலையைப் பார்ப்பவர் கேட்டார். `NETWORKDAYS.INTL(TODAY(),$D2,11)` என்று எழுதினால் ஞாயிறு மட்டும் விடுமுறையாகக் கணக்காகும்; ஆனால் அது இன்றையும் கெடு நாளையும் சேர்த்தே எண்ணும், ஆகவே ஒன்றைக் கழிக்க வேண்டும். பண்டிகை நாள்களைத் தனித் தாளில் வைத்தால், வண்ண விதிக்குள்ளிருந்து அந்தத் தாளை நேராகச் சுட்ட முடியாது, `INDIRECT` வழியாகப் போக வேண்டும். நான் இதை எல்லாம் செய்யவில்லை. F-இல் இருந்த எண்ணை இரண்டு கூட்டிவிட்டேன்.

இரண்டாவது வழியில் மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை, கெடு தாண்டிய ஒரு வேலை வெள்ளையாக நிற்பதைப் பார்த்து வண்ண விதிப் பலகத்தைத் திறந்தேன். நான் எழுதியவை இரண்டு விதிகள். அங்கே இருந்தவை ஒன்பது. என் முதல் விதியின் பகுதி A2:G200 என்பதாக இல்லை. A2:G37, A39:G61, A64:G200 என்று துண்டுதுண்டாகக் கிடந்தது. காரணம் எளிது. யாரோ பழைய தாளிலிருந்து வரிசைகளை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டும்போது எழுத்தோடு கூட அந்த வரிசையின் நிறமும் விதியும் சேர்ந்தே வருகின்றன. இங்கிருந்த விதி அந்த இடத்தில் விலகிக்கொள்கிறது. Ctrl+Shift+V அழுத்தி மதிப்பை மட்டும் ஒட்டினால் இது நடக்காது. ஆறு பேரிடமும் சொன்னேன். நான் உட்பட யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

விதி உடைவதைவிட மோசமானது, உடைந்தது தெரியாமல் இருப்பது. வெள்ளை வரிசை ஒன்றைப் பார்த்தால், அது கெடு வெகு தூரத்தில் உள்ள வேலையா, கெடுவே எழுதாத வேலையா, தேதி தவறாகப் பதிவான வேலையா, விதி கழன்றுபோன வரிசையா என்று சொல்ல முடியாது. நான்குக்கும் ஒரே நிறம். இன்னொன்றும் உண்டு. "மொத்தம் எத்தனை வேலை தாமதம்?" என்று பதிப்பாளர் கேட்டால் நிறத்தை எண்ண ஒரு ஃபார்முலா கிடையாது. நிறத்தை வைத்து வடிகட்டலாம். `COUNTIF` நிறத்தைப் பார்க்காது.

மூன்றாவது வழி இங்கிருந்துதான் வந்தது. முடிவை வண்ண விதிக்குள் ஒளித்து வைக்காமல், G நெடுவரிசையில் ஒரு சொல்லாக எழுதிவிடுவது; நிறம் அந்தச் சொல்லை மட்டும் படிப்பது. G2-இல்:

```
=IFS(OR(B2="", E2="முடிந்தது"), "",
  D2="", "கெடு இல்லை",
  ISTEXT(D2), "தேதி பிழை",
  D2<TODAY(), "தாண்டியது",
  D2<=TODAY()+F2, "நெருங்குகிறது",
  TRUE, "")
```

இதை 200-ஆம் வரிசை வரை இழுத்துவிட்டு, வண்ண விதிகளில் `=$G2="தாண்டியது"`, `=$G2="நெருங்குகிறது"` என்று இரண்டே சிறு நிபந்தனைகள். எண்ணிக்கை வேண்டுமா? தாளின் மூலையில் `=COUNTIF(G2:G200,"தாண்டியது")`. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு ஒட்டினாலும் சொல் படிக்கக் கிடைக்கும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் சிரமம் உள்ள ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அதை அவர் சொன்னதே இந்தச் சொல் வந்த பிறகுதான்.

மூன்று வழிகளையும் ஒரே நாளில், ஒரே ஏழு வரிசைகளில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். நாள் 2025 டிசம்பர் 10, புதன்கிழமை. அட்டையின் இறுதி வடிவம், கெடு டிசம்பர் 8, நடக்கிறது. ஐ.எஸ்.பி.என். விண்ணப்பம், கெடு டிசம்பர் 5, முடிந்தது. இரண்டாம் மெய்ப்பு, கெடு டிசம்பர் 12, முன்னறிவிப்பு 5 நாள். அச்சுக்கு அனுப்புதல், கெடு டிசம்பர் 22, முன்னறிவிப்பு 12 நாள். முன்னுரை, கெடு எழுதவில்லை. பின்னட்டைக் குறிப்பு, கெடு 15/12/2025 என்று தட்டச்சு செய்தது. விலைப்பட்டியல், கெடு 11/12/2025 என்று தட்டச்சு செய்தது.

கடைசி இரண்டில்தான் கதை இருக்கிறது. தாளை முதலில் உருவாக்கியவர் நியூஜெர்சி நண்பர். அதன் `Locale` அமெரிக்கா. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. 15/12/2025 என்றால் பதினைந்தாவது மாதம். அப்படி ஒன்று இல்லை என்பதால் ஷீட்ஸ் அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. 11/12/2025 என்பதை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் நவம்பர் 12 என்று எடுத்துக்கொண்டது.

முதல் வழியில் அட்டை, ஐ.எஸ்.பி.என்., விலைப்பட்டியல் மூன்றும் சிவப்பு. உண்மையில் தாமதமானது அட்டை ஒன்றுதான். மெய்ப்பு மஞ்சள். அச்சுக்கு அனுப்பும் வேலை, இன்றே பேச வேண்டியது, வெள்ளை. இரண்டாவது வழியில், F நெடுவரிசையோடு, ஐ.எஸ்.பி.என். சரியாக ஒதுங்கிக்கொள்கிறது, 22-இலிருந்து 10 போக 12 என்பதால் அச்சு வேலை அன்றுதான் முதன்முதலாக மஞ்சளாகிறது. ஆனால் முன்னுரையும் பின்னட்டையும் சத்தமில்லாமல் வெள்ளையாக நிற்கின்றன. பின்னட்டைக்கு டிசம்பர் 16 வந்தாலும் சிவப்பு வராது. `ISNUMBER` எழுத்தை ஒதுக்கிவிடுகிறது. அது இல்லாவிட்டாலும், எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எழுத்தே பெரியது என்பது ஷீட்ஸின் கணக்கு, ஆகவே அது என்றைக்கும் இன்றைக்கு முந்தியதாக ஆகாது. மூன்றாவது வழியில் அந்த இரண்டு வரிசைகளிலும் "கெடு இல்லை", "தேதி பிழை" என்று எழுதியிருக்கும்.

விலைப்பட்டியலை மூன்றுமே கோட்டைவிட்டன. நாளைய வேலை, நான்கு வாரத் தாமதமாகச் சிவந்து நிற்கிறது. எந்த விதியாலும் இதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் உள்ளே இருப்பது முறையான ஒரு தேதி. `File > Settings` போய் `Locale`-ஐ இந்தியா என்று மாற்றினால் இனி எழுதுபவை சரியாக விழும். ஏற்கெனவே நவம்பராகப் பதிந்தது நவம்பராகவேதான் இருக்கும், எழுத்தாகக் கிடப்பதும் மீண்டும் தட்டச்சு செய்யும் வரை எழுத்துதான். அதனால் D நெடுவரிசையின் தேதி வடிவத்தை 12-Nov-2025 போல மாதப் பெயர் தெரியும்படி மாற்றினோம். பெயர் கண்ணில் பட்டால் எழுதியவரே திருத்திவிடுகிறார். நீங்கள் ஒரு பழைய தாளைக் கையில் எடுத்தால் D நெடுவரிசையைச் சும்மா ஒரு முறை மேலிருந்து கீழே பாருங்கள்: யாரும் சீரமைப்பை மாற்றாத தாளில் உண்மையான தேதிகள் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப்போனவை இடப்புறம் நிற்கும். `Data > Data validation` வழியாக `Is valid date` என்று கட்டுப்பாடு வைத்து `Reject the input` என்பதையும் தேர்ந்தெடுத்தால் 15/12 போன்றவை உள்ளேயே வராது. ஆனால் ஒட்டினால் அந்தக் கட்டுப்பாடும் சேர்ந்து அழிந்துவிடும். ஒட்டுவதில் எல்லாம் அடிபடுகிறது.

இனி மூன்றாவது வழியின் குறை. இதைச் சொல்லாமல் பரிந்துரைப்பது நியாயமில்லை. நடுவில் ஒரு புதிய வரிசையைச் செருகினால் வண்ண விதியின் பகுதி தானாக நீளும். G-யில் உள்ள ஃபார்முலா தானாக வந்துவிடும் என்று நம்ப முடியாது. G காலியாக இருந்தால் நிறமும் இல்லை, சொல்லும் இல்லை. இரண்டாவது வழியில் இந்தத் தொல்லை கிடையாது. இன்னொன்று, யாராவது G-யில் கையால் "தாண்டியது" என்று எழுதிவிட்டால் அது வேலை முடிந்த பிறகும் தாண்டியதாகவே நிற்கும். `Data > Protect sheets and ranges` கொண்டு G-யைப் பூட்டினால் இரண்டாவது தொல்லை தீரும். முதலாவது தீராது, சில நேரம் கூடும், ஏனென்றால் வரிசை செருகியவரால் ஃபார்முலாவை இழுக்க முடியாது. நான் பூட்டவில்லை. அதற்குப் பதிலாக G2:G200-க்கு மட்டும் மூன்றாவதாக ஒரு விதி வைத்தேன்:

```
=AND($B2<>"", NOT(ISFORMULA($G2)))
```

வேலை எழுதியிருக்கிறது, பக்கத்தில் ஃபார்முலா இல்லை என்றால் G கட்டம் ஊதா நிறமாகும். கையால் எழுதிய "தாண்டியது" முதலில் சிவந்துவிடாமல் இருக்க இந்த விதியைப் பலகத்தில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்க வேண்டும். ஊதாவைப் பார்த்தவர் மேல் வரிசையின் G-யைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். டிசம்பரில் இதுவரை நான்கு முறை ஊதா வந்தது.

ஆகவே என் கணக்கு இப்படி. தாளில் எழுதுபவர் நீங்கள் ஒருவர்தான், முடிந்ததை அழித்துவிடும் பழக்கமும் உண்டு என்றால் முதல் வழி. இரண்டு மூன்று பேர், எண்ணிக்கை கேட்பவர் யாரும் இல்லை, வரிசைகளை அடிக்கடி நடுவில் செருகுவீர்கள் என்றால் இரண்டாவது வழி. F நெடுவரிசையை மறக்க வேண்டாம். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால், அல்லது தாளைத் திறக்காமலே "எத்தனை தாமதம்" என்று கேட்கும் ஒருவர் இருந்தால், மூன்றாவது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற அரை மணி நேரம் ஆகும். மாறும்போது பழைய விதிகளை ஒன்று விடாமல் நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். நான் இரண்டை விட்டுவைத்து, சொல் ஒன்றும் நிறம் ஒன்றுமாக ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். எக்செல் 2019 அல்லது அதற்குப் பிந்தையதைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே ஃபார்முலாக்கள்தான்.

ஒரு வேறுபாடு உண்டு: எக்செலின் `TODAY()` அவரவர் கணினியின் கடிகாரத்தைப் பார்க்கும், ஷீட்ஸின் `TODAY()` தாளின் `Time zone` எதுவோ அதைப் பார்க்கும். எங்கள் தாளில் அதுவும் நியூயார்க் நேரமாகவே இருந்தது. டிசம்பரில் அங்கே நள்ளிரவு என்றால் சென்னையில் காலை பத்தரை. பத்து மணிக் கூட்டத்தில் நேற்றைய கெடு ஒன்றும் சிவக்காமல் நிற்கும். கூட்டம் முடிந்து தேநீர் வரும்போது வரிசையாகச் சிவக்கும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது `Time zone` இந்தியா. நியூஜெர்சி நண்பருக்கு அவருடைய கெடு நாளன்று மதியம் ஒன்றரை மணிக்கே வேலை சிவந்துவிடுகிறது. "இன்னும் பாதி நாள் இருக்கிறதே" என்று எழுதினார். அவர் பெயரில் உள்ள கெடுக்களை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.